வலி இல்லை, எரிச்சல்தான்

நீரிழிவுக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடும் ஒருவரிடம் "பாதத்துல வலி இருக்கா?" என்று கேட்டால், "வலியெல்லாம் இல்லைங்க, எரிச்சல்தான்" என்று பதில் வருவதுண்டு. கேட்டவர் 'வலி இல்லை' என்று சீட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனால் அவர் பொய் எதையும் எழுதிவிடவில்லை. ஆனாலும் அந்த ஆளின் நோய் அங்கேயே நழுவிவிட்டது. நரம்பு கெட்டுப்போவதால் வரும் வலிக்கு மருத்துவர்கள் முதலில் தேடுகிற அடையாளமே பாத எரிச்சல்தான்.

ஆங்கிலத்தில் வலி என்பதற்கான சொல் ஒரு குடைபோல மேலே நிற்கிறது. எரிவது, குத்துவது, மழுங்கலாக நோவது எல்லாம் அதன் கீழே வலியின் வகைகளாக அடங்குகின்றன. தமிழில் எரிச்சல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், இழுப்பு ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயர். வலி அவற்றுக்குத் தாய் அல்ல, கூடப்பிறந்தது. எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் 'எரியிற மாதிரி வலி' என்றும் சொல்வார்கள். ஆனால் முதல் தடவை வருகிறவர், அதுவும் வயதானவர், எரிச்சலை வலிக்கணக்கில் சேர்க்காமல் இருப்பது இயல்பு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலியின் அளவைச் சொல்லச் சொன்னாலும் அவர் பூஜ்யம் என்றுதான் சொல்வார். ராத்திரி முழுக்கத் தூங்காதவரின் சீட்டில் பூஜ்யம் ஏறும்.

நோயாளியின் சொல்லை மருத்துவரின் சொல்லாக மாற்றுகிற வேலையில் பிழை எங்கே புகுகிறது என்று பார்க்க, நரம்பு வலியைக் கண்டுபிடிப்பதற்கென்றே உண்டாக்கிய ஒரு வினாத்தாளை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சில் தீதியே புவாசிரா தலைமையிலான குழு 2005இல் வெளியிட்ட டிஎன்4 அது. மொத்தம் பத்து உருப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வலி எரிகிறதா, வலிக்கும்படி குளிர்கிறதா, மின்சாரம் தாக்கியதுபோல் இருக்கிறதா என்பவை முதல் மூன்று. அதே இடத்தில் ஊறல், ஊசி குத்தல், மரத்துப்போதல், அரிப்பு இருக்கிறதா என்பவை அடுத்த நான்கு. மீதி மூன்றும் மருத்துவர் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை: தொடு உணர்ச்சி குறைந்திருக்கிறதா, குத்து உணர்ச்சி குறைந்திருக்கிறதா, தூரிகையால் வருடினால் வலிக்கிறதா. பத்துக்கு நான்கு வந்தால் நரம்பு வலி என்று சந்தேகிக்க வேண்டும். முதல் ஆய்வில் நரம்பு பாதிக்கப்பட்ட 89 பேரையும் வேறு காரணத்தால் வலி வந்த 71 பேரையும் ஒப்பிட்டார்கள். நரம்பு வலிக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 83 பேரை இந்தத் தாள் சரியாகப் பிடித்தது. மற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேரைச் சரியாக விலக்கியது.

இந்த எண்கள் பிரெஞ்சுச் சொற்களுக்கு உரியவை. சொல்லை மாற்றினால் எண் தானாகக் கூடவே வந்துவிடாது. முதல் கேள்வியே 'உங்கள் வலிக்கு இந்தத் தன்மை உண்டா' என்றுதான் தொடங்குகிறது. வலி இல்லை என்றவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே சேராது.

ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர், பன்னிரண்டு வருட நீரிழிவுக்காரர், வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி மருத்துவர் வலியை விட்டுவிட்டு வேறு வழியாகத் தொடங்குகிறார்.

"காலுக்கு என்ன பண்ணுதும்மா?"

"ராத்திரியானா எரியுது டாக்டர். மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி. போர்வையை எடுத்து விட்டுடுவேன். ஈரத்துணி போட்டா கொஞ்சம் தேவலாம்."

எரிச்சலுக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் எரிச்சல் என்ற சொல்லை மட்டும் வைத்துப் போடக் கூடாது. தமிழில் கண்ணில் தூசி விழுந்தாலும் எரிச்சல், சிராய்ப்பில் உப்புப் பட்டாலும் எரிச்சல், நீர் பிரியும்போதும் எரிச்சல், மருமகன் பேச்சைக் கேட்டாலும் எரிச்சல். இந்த அம்மாவின் சொல்லுக்கு எடை கொடுப்பது அதைச் சுற்றி வந்த விவரங்கள்: ராத்திரியில் கூடுகிறது, இரண்டு பாதத்திலும் இருக்கிறது, போர்வை பட்டால் பொறுக்கவில்லை, ஈரத்துக்குத் தணிகிறது, தோலில் காயம் எதுவும் இல்லை.

"கரண்ட் அடிச்ச மாதிரி எப்பவாவது சுரீர்னு இழுக்குதா?"

"அப்படி இல்லைங்க."

மின்தாக்குதல் பற்றிய கேள்வி தமிழில் சிக்கலே இல்லாத ஒன்று. கரண்ட் அடிப்பது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வலிக்கும் குளிர் அப்படியல்ல. தஞ்சாவூரில் வெயிலில் வளர்ந்தவருக்குக் குளிர் வலிப்பது அனுபவத்தில் இல்லாத விஷயம். பனிக்கட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கடுக்குமே, அதைச் சொல்லிக் கேட்டால் சிலருக்குப் பிடிபடும். இல்லையென்றால் அந்த மதிப்பெண் தமிழ்த்தாளில் வெறும் அலங்காரமாக நிற்கும்.

அடுத்தது ஊறல். டிஎன்4இன் ஆங்கில வடிவில் இந்த இடத்தில் இருக்கும் சொல்லை அகராதி பார்த்துத் தமிழாக்கினால் 'கூச்ச உணர்வு' என்று வரும். பாதத்தில் கூச்சம் இருக்கிறதா என்று கேட்டால், யாராவது தொட்டால் கூசுமா என்று கேட்கிறீர்கள் என்றே அந்த அம்மா நினைப்பார். பிரெஞ்சு மூலத்தில் இருப்பதோ எறும்பிலிருந்து பிறந்த சொல். எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அந்த எறும்பு ஆங்கிலத்துக்குப் போகும்போது காணாமல் போனது. நம் ஊர்க் கிழவி யாரையும் கேட்காமலே "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்கிறாள். பாரிசில் எழுதிய வினாத்தாளுக்கு அவள் வாய்ச்சொல் ஆங்கிலப் பிரதியைவிட நெருக்கமானது. ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இது தெரியவே வராது.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?"

"ஆமா டாக்டர், விரல்லயும் அடியிலயும். சிலசமயம் செருப்பு கழண்டதுகூடத் தெரியாது. மதமதன்னு இருக்கும்."

ஊறலுக்கு ஒன்று, மரத்துப்போனதற்கு ஒன்று. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டும் ஊசிமுனையால் லேசாகக் குத்தியும் பார்க்கிறார்கள். இரண்டும் பெருவிரலில் சரியாகத் தெரியவில்லை. எரிச்சலோடு சேர்த்து ஐந்து வந்துவிட்டது. நான்கு என்ற கோட்டைத் தாண்டியாயிற்று.

இன்னும் ஊசி குத்தல் பாக்கி. அவசரத்தில் மருத்துவர் சுருக்கமாகக் கேட்டுவிடுகிறார்.

"குத்துதாம்மா?"

"குத்துதே! காலையில எந்திரிச்சுக் கீழ கால வச்சா உயிர் போகுது."

மதிப்பெண் ஆறாகிறது. ஆனால் இது தவறு. தமிழில் முள்ளும் குத்தும், கத்தியும் குத்தும், முஷ்டியும் குத்தும். ஊசி ஊசியாகப் பரவிக் குத்துவதை மருத்துவர் கேட்டார். குதிகாலில் ஒரே இடத்தில் ஆணி இறங்கியதுபோல் குத்துவதை அந்த அம்மா சொன்னார். காலையில் எடுத்து வைக்கும் முதல் அடிகளில் உயிர் போய், பத்தடி நடந்ததும் குறைகிற வலி, பாதத்தின் அடித்தசைநார் குதிகாலில் சேரும் இடத்தில் வருவது. நரம்பு வலி ராத்திரி படுத்திருக்கும்போது வருகிறது, இது எழுந்து நிற்கும்போது வருகிறது. இவருக்கு ஒரே பாதத்தில் இரண்டு நோய்.

மொத்த முடிவு ஐந்தானாலும் ஆறானாலும் மாறாது என்பது உண்மைதான். வைத்தியம் மாறும். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் போன்றவை பலன் தரும், டைக்ளோஃபினாக் தராது. நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு டைக்ளோஃபினாக் கெடுதலும்கூட. குதிகாலுக்குக் காலை நீட்டி இழுக்கும் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும் வேண்டும். குதிகால் வலியை மட்டும் கேட்டுவிட்டு "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்று அனுப்பினால் பெரிய ஆபத்து. சூடு தெரியாத பாதத்தில் ஒத்தடம் கொப்புளமாகி, கொப்புளம் ஆறாத புண்ணாகலாம். 'மதமதன்னு இருக்கும்' என்ற வார்த்தையைக் காதில் வாங்கியவர் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்.

வலியின் தன்மையைச் சொல்வழியே பிடிக்க முடியும் என்ற எண்ணத்துக்கும் நீரிழிவுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1950களில் அமெரிக்காவின் ஆரிகனில் இருந்த ஒரு வலி மருத்துவப் பிரிவில், நீரிழிவால் கால்களை இழந்த மூதாட்டி ஒருவர், இல்லாத காலின் வலியை விதவிதமான சொற்களில் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த இளம் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் அந்தச் சொற்களைச் சேகரிக்கத் தொடங்கினார். பின்னாளில் அவரும் புள்ளியியலாளர் வாரன் டார்கர்சனும் 102 சொற்களை வகை பிரித்து 1971இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்து 1975இல் வந்தது மெக்கில் வலி வினாத்தாள். 78 சொற்கள், 20 தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் சொற்கள் தீவிரத்தின் வரிசையில் ஏறும். வெப்பத் தொகுதியில் சூடாக இருப்பதில் தொடங்கி எரிவது, வெந்துபோவது, பொசுக்குவது என்று நான்கு படி.

இந்தப் படிக்கட்டைத் தமிழில் அப்படியே கட்ட முடியாது. சூடான வலி என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. நம்மிடம் தீவிரம் ஏறுவது பெரும்பாலும் பெயரடையை மாற்றி அல்ல. எரியுது, காந்துது, திகுதிகுன்னு எரியுது, பத்தி எரியுது என்று வினையும் ஒலிக்குறிப்பும் சேர்ந்து அளவைக் காட்டுகின்றன. சுருக்கென்று குத்துவது ஒரு தடவை, சுருக் சுருக்கென்று குத்துவது விட்டுவிட்டு. விண் விண்ணென்று தெறிப்பது நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறது, சீழ் கோத்த விரலையும் சொத்தைப் பல்லையும் சொல்ல இதைவிடச் சரியான சொல் கிடையாது. கால அமைப்பு முழுவதும் அந்த இரட்டிப்பிலேயே இருக்கிறது. கேஸ் சீட்டில் ஏற்றும்போது ஆங்கிலப் பெயரடை ஒன்றைத் தேடி எடுத்து, இந்த இரட்டிப்பைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். ஃபின்லாந்தில் கெட்டோவூரியும் பொன்டினெனும் 1981இல் மெக்கில் தாளை மொழிபெயர்க்கப் போகாமல், தங்கள் மொழியில் புழங்கும் வலிச்சொற்களைத் திரட்டி அதே முறையில் வகைப்படுத்தித் தனி வினாத்தாள் செய்தார்கள். வலியைப் பொறுத்தவரை அதுதான் நேர்வழி என்பது என் எண்ணம்.

மொழிபெயர்ப்பு முறையில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள், அதை ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். நிபுணர் குழு ஒப்பிடும். கடைசியில் முப்பது நாற்பது நோயாளிகளிடம் கேட்டுப் பார்ப்பார்கள். திரும்பி வந்த ஆங்கிலம் மூலத்தோடு ஒத்துப்போனால் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மழுங்கிய, ஓயாத வலிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை 'மந்தமான வலி' என்று எழுதுங்கள். திரும்ப ஆங்கிலமாக்குபவர் படித்தவர், அவர் அச்சு அசலாக மூலச்சொல்லையே எழுதிக் கொடுப்பார். குழு கையெழுத்துப் போடும். ஆனால் தமிழில் வயிறுதான் மந்தமாகும், புத்தி மந்தமாகும். மந்தமான வலி என்று காதில் விழுந்தால் லேசான வலி என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். எலும்பில் புற்றுநோய் பரவி இரவும் பகலும் ஓயாத வேதனையில் இருப்பவர் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று குறிப்பார். அவரைப் பேச விட்டால் "உள்ளுக்குள்ள குடையுது", "எலும்பு உளையுது", "நச்சுநச்சுன்னு இருந்துக்கிட்டே இருக்கு" என்பார். சொல்லுக்குச் சொல் ஒட்டி எழுதிய பிழை இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும், வட்டாரச் சொல்லால் எழுதிய சரியான தமிழ் தோற்றுப்போகும்.

பிழையை வெளியே கொண்டுவருவது கடைசிக் கட்டம்தான். அதையும் ஒழுங்காகச் செய்தால் மட்டுமே. புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள், டாக்டரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? "இதைக் கேட்டதும் எந்த மாதிரி நோவை நெனச்சீங்க? எப்ப வந்தது, காமிங்க" என்று கேட்க வேண்டும். ஒருவர் உள்ளங்கையை விரித்து முழங்காலைத் தடவுவார், ஒருவர் ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார், ஒருவர் முஷ்டியைத் திருகிக் காட்டுவார். ஒரே சொல்லுக்கு மூன்று கை அசைவு வந்தால் அந்தச் சொல் அந்தத் தாளுக்கு ஆகாது.

கடுப்பு என்ற சொல் இதில் எல்லாரையும் திணறடிக்கும். கை கால் கடுக்கிறது என்றால் நாள் முழுக்க நின்றவரின் மழுங்கிய நோவு. நீர்க்கடுப்பு என்றால் சொட்டுச் சொட்டாக, எரிந்து, முக்கி வருவது. வயிற்றுக்கடுப்பு சீதபேதிக்காரருடையது, போன பின்னும் போகவேண்டும்போல் இருக்கும். தேள் கொட்டின கடுப்பு வேறு ரகம். தன்மையைத் தீர்மானிப்பது சொல் அல்ல, சொல்லோடு சேர்ந்து வரும் உறுப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் போட்டு வார்டில் ஒட்டுகிற யோசனையை யாராவது சொன்னால், கடுப்புக்கு எதிரே என்ன எழுதுவது என்று கேட்டால் போதும்.

நெஞ்சில் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. மாரடைப்பு என்றால் மருத்துவர்கள் அமுக்கம், பாரம், இறுக்கம் போன்ற சொற்களை எதிர்பார்க்கிறார்கள். கத்தியால் குத்துவதுபோன்ற கூர்மையான வலி என்றால் மாரடைப்புக்கான சாத்தியத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். ஆய்வுகளில் அப்படிப்பட்ட வலியின் சாத்திய விகிதம் சுமார் 0.3, அதாவது சந்தேகத்தைக் குறைக்கிற பக்கம். இப்போது ஒருவர் "நெஞ்சு குத்துது, கேஸ் போல" என்கிறார். மொழிபெயர்ப்பவர் கத்திக்குத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லைப் போடுகிறார், கூடவே வாயுவையும் சேர்க்கிறார். கேட்கும் மருத்துவருக்கு இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: இது இதயம் இல்லை. வாயு என்பது நோயாளி கற்பித்த காரணம், வலியின் தன்மை அல்ல. குத்துது என்பதோ நம் பேச்சில் நெஞ்சில் என்ன பண்ணினாலும் வாய்க்கு வரும் சொல். மூச்சை இழுத்தால் கூடுகிறதா, விரலால் அழுத்தினால் அதே வலி வருகிறதா, படியேறினால் வருகிறதா, கைக்கு இறங்குகிறதா என்று கேட்காமல் அந்த 0.3ஐத் தமிழ்க் குத்தலுக்குப் பொருத்துவது ஆபத்தான கணக்கு.

தமிழிலிருந்து தமிழுக்கே மொழிபெயர்க்க வேண்டிய இடமும் உண்டு. டொரான்டோவிலோ லண்டனிலோ யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவருக்குச் சென்னைக்காரர் உரைபெயர்ப்பாளராக வந்து அமர்கிறார். "கால் விறைச்சுப் போச்சுது பிள்ளை" என்கிறார் பாட்டி. அவர் சொன்னது மரத்துப்போனதை. சென்னைக்காரர் காதில் விறைப்பு என்றால் மடக்க முடியாத இறுக்கம். மருத்துவருக்கு மூட்டு இறுக்கம் என்று போய்ச் சேர, அவர் முழங்காலை மடக்கிப் பார்க்கிறார், பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பாட்டியின் 'நோகுது', 'உளையுது' இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாகி வரும். உரைபெயர்ப்பாளர் தயங்கினால் அங்கேயே நிறுத்தி, "விறைப்பெண்டா தொட்டால் தெரியேல்லையோ, மடக்க ஏலாமக் கிடக்கோ?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பல இடங்களில் உரைபெயர்ப்பாளர் இடையில் புகுந்து கேட்பதை மருத்துவர்கள் ரசிப்பதில்லை.

சீட்டில் எழுதுவதற்கு என்ன வழி? நோயாளியின் வாக்கியத்தைத் தமிழிலேயே மேற்கோளில் எழுதி, அதன் கீழே மருத்துவரின் சொல்லை எழுதலாம். அந்த ஐம்பத்தெட்டு வயது அம்மாவின் சீட்டில் இரண்டு வரி போதும். 'ராத்திரியில் எரியுது, மிளகாய் பூசின மாதிரி, போர்வை பட்டா ஆகலை, எறும்பு ஊர்ற மாதிரி, மதமதப்பு, இரண்டு பாதமும்' என்று ஒன்று. 'காலையில் முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஒரே இடத்தில் ஆணி மாதிரி குத்துது, நடந்தா குறையுது' என்று மற்றொன்று. மாலை ஷிப்டில் வருகிற இன்னொரு மருத்துவர் முதல் வரிக்கு எதிரே நரம்பு என்றும், இரண்டாவதற்கு எதிரே குதிகால் என்றும் தானாகவே எழுதிக்கொள்வார். முந்தையவர் மொழிபெயர்ப்பில் பிசகியிருந்தாலும் மூலம் கையில் இருப்பதால் திருத்தவும் முடியும். கணினியில் ஏற்றும் ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தடை ஒன்று இருக்கிறது: வலியின் தன்மை என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஆறேழு ஆங்கிலச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் விடுவார்கள், தட்டச்சு செய்ய இடம் இருக்காது. அப்போது அந்த வாக்கியம் போக வேண்டிய இடம் வந்த காரணம் என்ற முதல் கட்டம். அங்கே யாரும் சொல்லை அளந்து கொடுப்பதில்லை.